வால்வு மூடியதா? லிமிட், டார்க், நேரம்: மோட்டார் வால்வுக் கட்டுப்பாடு பற்றிய ஓர் ஆய்வு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் குடிநீர் நாள் முழுவதும் குழாயில் நிற்பதில்லை. பெரும்பாலான தெருக்களுக்குச் சில மணி நேரமே தண்ணீர் விடப்படுகிறது. வீட்டுக்காரர்கள் அதைச் சம்ப்பில் பிடித்து மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். 2004இல் வீராணம் குழாய் வந்தது. 2013இல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் நிலையமும், 2024இல் அதே இடத்தில் 15 கோடி லிட்டர் நிலையமும் வந்தன. நீர் வரத்து கூடினாலும், முறை வைத்துத் திறந்து மூடும் வழக்கம் தொடர்கிறது.

இந்த வழக்கத்தின் சுமை வால்வுகளின் மேல் விழுகிறது. 24 மணி நேரமும் நீர் ஓடும் ஊரில் ஒரு பெருங்குழாய் வால்வு ஆண்டுக்குச் சில முறைதான் அசையும். முறை வைத்து நீர் விடும் ஊரில் அது தினமும் அசைகிறது. அதுவும் ஒரு பக்கம் முழு அழுத்தம், மறுபக்கம் காலிக் குழாய் என்ற கடினமான நிலையில் அசைகிறது. தெருமுனையில் இருக்கும் சிறிய வால்வைப் பணியாளர் நீண்ட சாவியால் திருகிவிடலாம். நீரேற்று நிலையத்திலும் பகிர்மான நிலையத்திலும் உள்ள பெரிய வால்வுக்கு மோட்டார் வேண்டும். மோட்டார் வந்ததும் கேள்வி ஒன்றும் வருகிறது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ‘மூடியது’ என்று தெரிகிறதே, அது எதைப் பார்த்துச் சொல்லப்படுகிறது?

அதைச் சொல்லக்கூடிய சாட்சிகள் மூன்று: லிமிட் சுவிட்ச், டார்க் சுவிட்ச், கடிகாரம். ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு துண்டைத்தான் அறியும். அவை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் பேசுகின்றன என்பதைக் கவனித்தால்தான் வால்வின் நிலை தெரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பல பேனல்களில் மூன்றும் கம்பி இழுக்கப்பட்டிருக்கும். ஆனால் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இருக்காது.

லிமிட் சுவிட்ச் எதைப் பார்க்கிறது?

ஆக்சுவேட்டருக்குள் மோட்டாரின் சுழற்சி ஒரு வார்ம் கியர் வழியாக ஸ்பிண்டிலுக்குப் போகிறது. அதே கியரிலிருந்து பிரியும் சிறு பற்சக்கரத் தொகுதி சுற்றுகளை எண்ணி, முழுத் திறப்பில் ஒரு சுவிட்சையும் முழு மூடலில் இன்னொன்றையும் தட்டுகிறது. ஆக, லிமிட் சுவிட்ச் எண்ணுவது ஆக்சுவேட்டரின் சுற்றுகளை. குழாய்க்குள் இருக்கும் கதவை அது பார்ப்பதே இல்லை.

குடிநீர்க் குழாய்களில் பரவலாக உள்ள ஸ்லூஸ் வால்வில் இந்த இடைவெளி பெரிதாகிவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை மேலெழாத ஸ்பிண்டில் வகை. ஸ்பிண்டில் ஒரே இடத்தில் சுழல, கதவோடு இணைந்த வெண்கல நட்டு அதன் மரையில் ஏறி இறங்கும். கதவின் நிலையை வெளியிலிருந்து கண்ணால் காண வழியில்லை. பல ஆண்டு தினசரி இயக்கத்தில் நட்டின் மரை தேய்ந்து வழுக்கினால், ஸ்பிண்டில் சுற்றும், எண்ணும் சக்கரம் சுற்றும், லிமிட் சுவிட்ச் தட்டும். கதவு மட்டும் பாதியில் தொங்கும். திரையில் ‘மூடியது’ என்று வந்துவிடும்.

நேரடி அளவீட்டுக்கும் மறைமுக அளவீட்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு உலகறியப் பாடமானது 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில். ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லி மின் ஆணை போனதை மட்டுமே காட்டியது. வால்வு மூடியதாகவே பணியாளர்கள் எண்ணினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகே, அந்தக் குழாயில் இருந்த மோட்டார் வால்வை மூடிக் கசிவை நிறுத்தினார்கள். ஆணையைக் காட்டும் விளக்கைவிட லிமிட் சுவிட்ச் ஒரு படி மேல். கதவைக் காண அதிலிருந்தும் இன்னொரு படி ஏற வேண்டும். அந்தப் படி டார்க்.

டார்க் சுவிட்சும் வால்வின் மேல் விழும் விசையும்

வார்ம் தண்டின் முனையில் ஒரு வில் தொகுதி இருக்கும். ஸ்பிண்டில் எதிர்ப்பைச் சந்தித்தால், வார்ம் நகர்ந்து வில்லை அழுத்தும். அந்த நகர்வு ஓர் அளவைத் தாண்டும்போது டார்க் சுவிட்ச் திறந்து, கான்டாக்டர் சுருளின் மின்சாரத்தை வெட்டும். திறக்கும் திசைக்கும் மூடும் திசைக்கும் தனித்தனிச் சுவிட்சு, தனித்தனி அளவு.

எந்த அளவில் வைப்பது என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 600 மி.மீ. விட்டமுள்ள ஸ்லூஸ் வால்வு ஒன்று உயர்நிலைத் தொட்டியின் வெளியேற்றத்தில் இருக்கிறது. மேலே 20 மீட்டர் நீர் நிற்கிறது என்று கொள்வோம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. கதவின் பரப்பு சுமார் 2,830 சதுர சென்டிமீட்டர். மறுபக்கக் குழாய் காலியாக இருக்கும்போது கதவின் மேல் 5.6 டன் அழுத்துகிறது. கதவைத் தூக்க, அது இருக்கையோடு உரசும் உராய்வை வெல்ல வேண்டும். உராய்வுக் குணகம் 0.3 என்றால் 1.7 டன் இழுவிசை, 0.5 என்றால் 2.8 டன். இதோடு பேக்கிங் உராய்வும், முந்தைய நாள் கதவு ஆப்பாக இறுகியதைப் பிரிக்கும் விசையும் சேரும். குழாயின் இருபக்கமும் நீர் நிறைந்து அழுத்தம் சமமானதும் அந்த 5.6 டன் மறைந்துவிடுகிறது.

அதிகாலையில் காலிக் குழாயை நோக்கித் திறக்கும்போதும், பராமரிப்பு நாளில் இருபுறமும் நீர் நிற்கையில் சோதிக்கும்போதும் ஒரே வால்வு இரு வேறு பொருள்களாக நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். சோதனையில் வழுவழுவென்று ஓடிய வால்வு, வேலை நேரத்தில் டார்க் டிரிப் ஆகும்.

மின்னழுத்தம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டாரின் டார்க் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட் 350ஆகக் குறைந்தால் கிடைப்பது 71 சதவீத டார்க்தான். அப்போது டார்க் சுவிட்ச் தட்டுவதற்கு முன்பே மோட்டார் நின்றுவிடக்கூடும். நின்ற மோட்டார் சூடேறி, சுருளுக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு டிரிப் ஆகும். டார்க் டிரிப் வராமல் வெப்ப டிரிப் வந்தால், வால்வைக் குறை சொல்லும் முன் மின்கம்பியை அளந்து பார்க்க வேண்டும்.

டேவிஸ்-பெஸி கற்றுத்தந்தது

இந்தத் துறையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி 1985 ஜூன் 9 அதிகாலை, ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்தில் நடந்தது. முதன்மை ஊட்டுநீர் நின்றது. அவசர ஊட்டுநீரைத் தொடங்க முயன்ற பணியாளர் பேனலில் தவறான பொத்தான்களை அழுத்தியதால், இரண்டு நீராவி உற்பத்திக் கலங்களுக்கும் போகும் வால்வுகள் மூடிக்கொண்டன. அந்தப் பிழை உடனே கண்டறியப்பட்டு, திறக்க ஆணை போனது. வால்வுகள் திறக்கவில்லை. பணியாளர்கள் கீழே ஓடிக் கையால் திருகித் திறந்தார்கள். சுமார் 12 நிமிடம் ஊட்டுநீரே இல்லை.

காரணம் டார்க் பைபாஸ் அமைப்பில் இருந்தது. ஆப்பாக இறுகிய கதவைப் பிரிக்கும் முதல் கணத்தில் டார்க் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும். ஆகவே திறக்கும் பயணத்தின் தொடக்கத்தில் டார்க் சுவிட்சை ஒரு லிமிட் சுவிட்ச் தற்காலிகமாகத் தாண்டவைக்கும். டேவிஸ்-பெஸியில் அந்தத் தாண்டல் மிக விரைவாக முடிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தது. கதவு முழுதாக விடுபடும் முன்பே டார்க் சுவிட்ச் சுற்றுக்குள் வந்தது. வால்வின் இருபக்க அழுத்த வேறுபாடு மிகுந்திருந்த அந்த வேளையில் அது மோட்டாரை வெட்டியது.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு 85-03 எண்ணுள்ள அறிவிப்பையும், 1989இல் 89-10 எண்ணுள்ள பொதுக் கடிதத்தையும் வெளியிட்டது. வால்வு சந்திக்கக்கூடிய உச்ச அழுத்த வேறுபாட்டில் அது இயங்கும் என்பதை, இயன்றவரை அதே நிலையில் சோதித்துக் காட்டவேண்டும் என்பதே அவற்றின் சாரம். பின்வந்த சோதனைகளில், வழக்கமாகக் கொண்ட 0.3 என்ற குணகம் பல வால்வுகளுக்குப் போதாது என்றும் தெரிந்தது.

குடிநீர் வால்வு அணு உலை வால்வு அல்ல. ஆனாலும் பாடத்தின் இயற்பியல் ஒன்றே. காலிக் குழாயை நோக்கித் தினமும் திறக்கும் வால்வுக்குப் பைபாஸ் எவ்வளவு பயணம் நீடிக்கிறது என்பதை அழுத்தத்தோடு சோதித்தே முடிவு செய்ய வேண்டும். ஸ்பிண்டிலுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள வெற்று அசைவு தீர்ந்து, கதவு இருக்கையை விட்டு விலகிய பிறகே பைபாஸ் விலக வேண்டும்.

மோட்டாரை யார் நிறுத்துவது?

மூடும்போது மோட்டாரை லிமிட் நிறுத்துவதா, டார்க் நிறுத்துவதா என்பதற்கு வால்வின் வகையே விடை சொல்லும். ஆப்பு வடிவக் கதவும் குளோப் வால்வும் இறுகினால்தான் நீரை அடைக்கும். அவற்றில் டார்க் நிறுத்த வேண்டும். ரப்பர் இருக்கையுள்ள பட்டாம்பூச்சி வால்வு ஒரு கோணத்தில் நின்றால் போதும். அதை இறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும், கியர்ப்பெட்டித் தடுப்பு அடிபடும். அங்கே லிமிட் நிறுத்தி, டார்க் காவலாக நிற்கவேண்டும். திறக்கும் திசையில் எல்லா வகைக்கும் லிமிட்டே நிறுத்தும். பல நேரம் ஒரு வகைக்குச் செய்த பேனல் வரைபடத்தை மற்ற வகைக்கும் அப்படியே பயன்படுத்துகிறார்கள். அடைக்காத ஸ்லூஸ் வால்வும் கிழிந்த ரப்பரும் அதன் விளைவு.

டார்க்கால் நிறுத்தும்போது ஒரு நுட்பமான தவறு நேரும். மோட்டார் நின்றதும் கியர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் வகையானால், வில் அழுத்தப்பட்டே இருக்கும், சுவிட்சும் திறந்தே இருக்கும். வேகமான கியர் விகிதத்தில் அந்தப் பூட்டு இல்லாமல் போகலாம். அப்போது வில் தளர, சுவிட்ச் மீண்டும் சேரும். மூடும் ஆணை இன்னும் நிலைத்திருந்தால் மோட்டார் மறுபடி உதைக்கும். இப்படிப் பத்து முறை உதைத்தால் கதவு சுத்தியலால் அடித்ததுபோல் இருக்கைக்குள் இறுகும். அடுத்த நாள் திறக்கவே திறக்காது. கான்டாக்டர் தொடர்ந்து தடதடப்பதைக் கேட்டால் இதுதான் என்று அறியலாம். ஒருமுறை டார்க் வந்ததும் அதைப் பூட்டிவைத்து, எதிர்த்திசை ஆணை வந்தால் மட்டுமே விடுவிப்பது தீர்வு.

கடிகாரம்

லிமிட்டும் டார்க்கும் வராமலே போகக்கூடிய கோளாறுகள் பல. கப்பிளிங் சாவி முறிந்தால், மோட்டார் சுழன்றும் ஸ்பிண்டில் அசையாது. கான்டாக்டர் பிடிக்காமல் போகலாம், கட்டுப்பாட்டுக் கம்பி அறுந்திருக்கலாம். இவற்றையெல்லாம் பிடிப்பது பயண நேர அலாரம்.

நம் வால்வின் கதவு 600 மி.மீ. நகர வேண்டும். ஸ்பிண்டில் ஒரு சுற்றுக்கு 12 மி.மீ. நகர்த்துகிறது. ஆக்சுவேட்டர் நிமிடத்துக்கு 24 சுற்று. அப்படியானால் பயணம் சுமார் 125 நொடி. அதோடு கால் பங்கு சேர்த்து 155 நொடி வைக்கலாம். இந்தக் கணக்கை ஒரு தொடக்கமாகவே கொள்ள வேண்டும். நிறுவும் நாளில் அழுத்தத்தோடும் அழுத்தமின்றியும் அளந்த நேரமே அடிப்படை. இண்டக்‌ஷன் மோட்டார் சுமையில் வேகம் அதிகம் குறையாது என்பதால், அளந்த நேரங்கள் நெருங்கியே வரும். இடைவெளியைத் தாராளமாக வைக்கக் காரணம் இல்லை.

ஒற்றை நேர வரம்பு மட்டும் போதாது. ஆணை போன சில நொடிகளில் பழைய லிமிட் விடுபட வேண்டும். 12 நொடியாகியும் ‘திறந்தது’ லிமிட் விலகவில்லை என்றால் வால்வு புறப்படவே இல்லை. அதை அறிய 155 நொடி காத்திருப்பது வீண். இன்னொரு புறம், மூடும் லிமிட் 70 நொடியில் வந்துவிட்டால் அதுவும் அலாரமே. லிமிட் அமைப்பு நழுவியிருக்கலாம். நிஜமாகவே வேகமாக மூடியிருந்தால் நீரடி பற்றிய கவலை சேரும். ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கே இரும்புக் குழாயில் சுமார் 100 மீட்டர் அழுத்த எழுச்சி வரக்கூடும்.

மூன்றையும் சேர்த்துப் படித்தல்

நம் ஸ்லூஸ் வால்வு மூடும்போது நலமான பயணம் இப்படி இருக்கும்: ஆணை போகிறது, சுமார் 6 நொடியில் திறப்பு லிமிட் விலகுகிறது, 120 நொடியை ஒட்டி மூடல் லிமிட் வருகிறது, அடுத்த சில நொடியில் டார்க் வந்து மோட்டார் நிற்கிறது. மூடல் லிமிட் இங்கே மோட்டாரை நிறுத்துவதில்லை, இருக்கை நெருங்கியதை அறிவிக்கிறது. இந்த வரிசையிலிருந்து விலகும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு. அதை பி.எல்.சி.யில் இப்படி எழுதலாம்:

```
LeaveTmr (IN := RunClose AND ZSO, PT := T#12s);
TravelTmr(IN := RunClose,         PT := T#155s);

IF RunClose THEN
  IF TSC AND ZSC      THEN Seated := TRUE; END_IF;
  IF TSC AND NOT ZSC  THEN Jam    := TRUE; END_IF;
  IF LeaveTmr.Q       THEN Stuck  := TRUE; END_IF;
  IF TravelTmr.Q THEN
    IF ZSC THEN NoSeat := TRUE; ELSE Slow := TRUE; END_IF;
  END_IF;
END_IF;
IF RunOpen THEN
  Seated := FALSE; Jam := FALSE; Stuck := FALSE;
  NoSeat := FALSE; Slow := FALSE;
END_IF;
IF Seated OR Jam OR Stuck OR NoSeat OR Slow THEN
  RunClose := FALSE;
END_IF;
```

இதில் `ZSO`, `ZSC` இரண்டும் லிமிட்கள். `TSC` மூடும் டார்க். `Jam` என்பது லிமிட்டுக்கு முன்பே டார்க் வந்த நிலை: கதவின் காடியில் கல்லோ மண்ணோ சிக்கியிருக்கும். `NoSeat` அதற்கு நேர் எதிர். லிமிட் வந்தும் டார்க் எழவில்லை. கதவு இருக்கையைத் தொடவில்லை என்று பொருள். தேய்ந்த நட்டும் முறிந்த ஸ்பிண்டிலும் பிடிபடுவது இங்கேதான். லிமிட்டை மட்டும் நம்பும் பேனலில் இந்தக் கோளாறு ஒருபோதும் வெளியே தெரியாது. `Slow` என்பது நேரம் முடிந்தும் எதுவும் வராத நிலை. இரண்டு லிமிட்களும் ஒரே நேரத்தில் வந்தால், அது வால்வின் கோளாறே அல்ல. கம்பியிலோ சுவிட்ச் அறையிலோ ஈரம் புகுந்திருக்கும்.

இரண்டு எல்லைகளை மறக்கக்கூடாது. டார்க் சுவிட்ச் கான்டாக்டர் சுருளோடு நேரடியாகக் கம்பியில் இணைந்திருக்க வேண்டும். பி.எல்.சி. அதை அறிவதற்கு மட்டுமே. தகவல் தொடர்பு தாமதிக்கும் அரை நொடியில் ஸ்பிண்டில் வளைந்துவிடும். அடுத்து, கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் டார்க்கோ நேரமோ மோட்டாரை நிறுத்த முடியாது. கான்டாக்டரின் துணை முனையைப் படித்து, ஆணை விலகியும் அது விழவில்லை என்றால் மேலிருக்கும் பிரேக்கரைத் தட்டிவிடும் ஏற்பாடு பெரிய வால்வுகளுக்கு வேண்டும்.

சென்னையின் மண்ணும் மழையும்

வடகிழக்குப் பருவமழையில் வால்வுக் குழிகளில் நீர் நிற்கிறது. கடலோரக் காற்றில் உப்பு மிதக்கிறது. ஆக்சுவேட்டர் உறை நீர்புகாததாகவே இருந்தாலும், கேபிள் நுழையும் கிளாண்டைச் சரியாக இறுக்காவிட்டால் ஈரம் உள்ளே போகும். பகலில் சூடேறி இரவில் குளிரும் அறைக்குள் பனித்துளி கட்டாதிருக்க ஒரு சிறு ஹீட்டர் வைத்திருப்பார்கள். பராமரிப்புக்கு மின்சாரத்தை வெட்டிவைக்கும் நாட்களில் அதுவும் அணைந்திருக்கும். லிமிட் முனைகள் களிம்பு பிடிப்பது அப்போதுதான்.

சாலை தோண்டும் வேலையில் கேபிள் வெட்டுப்பட்டு ஒட்டுப் போடப்படும்போது இன்னோர் ஆபத்து. மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ‘திற’ என்றால் மூடும். அப்போது கட்டுப்பாடு திறக்கும் திசைச் சுவிட்சுகளையே கவனிப்பதால், மூடும் திசையின் லிமிட்டும் டார்க்கும் வேலை செய்தும் மோட்டாரை வெட்டா. கதவு முழு விசையோடு இருக்கையில் மோதும். புதிய ஆக்சுவேட்டர்கள் பல ஃபேஸ் வரிசையைத் தாமே சரிசெய்கின்றன. அந்த வசதி இல்லாதவற்றில், எந்தக் கேபிள் வேலைக்குப் பிறகும் கைச்சக்கரத்தால் வால்வைப் பயணத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு நொடி மட்டும் ஓட்டித் திசையைப் பார்த்துவிட வேண்டும்.

எண்களை மாற்றும் முன்

களத்தில் இரண்டு திருத்தங்கள் மிகச் சுலபமாக நடக்கின்றன. அடிக்கடி டார்க் டிரிப் ஆனால் டார்க் அளவை ஏற்றிவிடுவார்கள். நேர அலாரம் தொந்தரவு தந்தால் 155ஐ 300 ஆக்கிவிடுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் போய்விடும். ஆனால் அந்த டிரிப் சொல்லவந்த செய்தி, அதாவது காடியில் சேர்ந்த மண்ணும் காய்ந்த கிரீஸும் குறைந்த மின்னழுத்தமும், அப்படியே இருக்கும். ஏற்றிய டார்க் ஒரு நாள் ஸ்பிண்டிலை முறிக்கும். நீட்டிய நேரம் அந்த முறிவை மறைக்கும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு இயக்கத்திலும் பழைய லிமிட் விலகிய நேரம், புதிய லிமிட் வந்த நேரம், அதன்பின் டார்க் வந்த நேரம், நின்ற காரணம் ஆகிய நான்கையும் ஸ்காடா பதிந்துவைத்தால் போதும். தினமும் இயங்கும் வால்வு ஒரு மாதத்தில் தன் இயல்பை எழுதித் தந்துவிடும். லிமிட்டுக்கும் டார்க்குக்கும் இடைப்பட்ட 4 நொடி மெல்ல 9 ஆகும்போது நட்டு தேய்கிறது என்று அறியலாம். புறப்படும் நேரம் ஏறும்போது கதவு அளவுக்கு மீறி இறுகுகிறது என்று அறியலாம். டார்க் அளவையும் நேர வரம்பையும் மாற்றும் உரிமை, இந்தப் பதிவைப் பார்த்து, வால்வைச் சோதித்து, காரணத்தை எழுதிவைப்பவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். முறை வைத்து நீர் விடும் ஊரில் வால்வுகள் தினமும் உச்ச விசையில் உழைக்கின்றன. எனவே இந்த நான்கு பதிவுகளும் வேறெந்த ஊரையும்விட இங்கே விரைவாகச் சேரும், விரைவாகப் பயன் தரும்.